பத்திரிகை வைத்தவரிடம் பொய் சொல்லாமல் "வர முடியல" என்று சொல்வது எப்படி

எங்கள் வேலூர்ப் பக்கம் விசேஷத்துக்குப் போகாத வீட்டிலிருந்து கடைசி நேரத்தில் ஒரு போன் போகும். "திடீர்னு காய்ச்சல்", "பையனுக்கு வயித்தால போகுது", "ஊர்ல ஒரு சாவு" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். இந்தப் பொய்யைப் பற்றித்தான் எல்லோரும் வருத்தப்படுகிறோம். ஆனால் இது இரண்டாவது பொய். முதல் பொய்யை இருபது நாள் முன்பே, வாசலில் தாம்பூலத் தட்டை வாங்கும்போதே சொல்லியிருப்போம்: "கண்டிப்பா வந்துடறோம்."

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. பிறந்த வீடு வாலாஜா, புகுந்த வீடு குடியாத்தம். அம்மா வழி ஆரணி, சின்ன நாத்தனார் ஆம்பூர். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் போனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் ஒரே மொய் நோட்டில்தான் இருக்கிறார்கள். ஆவணியும் தையும் வந்தால் ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று பத்திரிகை வரும். எல்லாவற்றுக்கும் போக முடியாது. போக முடியாததைப் பொய்யில்லாமல் எப்படிச் சொல்வது என்பதை நான் பழகிக்கொள்ளப் பல வருஷம் ஆனது. வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்து அழைக்கும் விசேஷத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன், கஷ்டமான இடம் அதுதான். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் சேர்த்துப் போடும் அழைப்புக்கு ஒரு வாழ்த்து போட்டால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வாசலில் பதில் சொல்ல வேண்டாம்

பத்திரிகை வைக்கிறவர்கள் வருகிறார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, அதன் மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. குங்குமம் கொடுக்கிறார்கள். நாம் இருவருமாக நின்று வாங்குகிறோம். "ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும்" என்கிறார்கள். அந்த நொடியில் "வர முடியாது" என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நல்ல காரியத்துக்கு அழைக்கும்போது எதிரில் "இல்லை", "முடியாது" என்ற சொல் வந்தால் பெரியவர்களுக்கு மனசு கலங்கும். எங்கள் ஆயா அதை அபசகுனம் என்றே சொல்வார். அதனால்தான் நம் வாயில் "கண்டிப்பா" தானாக வந்துவிடுகிறது.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். பத்திரிகையை வாங்குவது ஒரு காரியம், பதில் சொல்வது வேறொரு காரியம். இரண்டையும் ஒரே நிமிஷத்தில் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வாசலில் நம்மிடம் கேட்கப்படுவது மரியாதையும் சந்தோஷமும். அதைக் குறைவில்லாமல் கொடுக்கலாம். இரண்டு கையாலும் வாங்கி, உட்கார வைத்து, காபி கொடுத்து, பத்திரிகையைப் பிரித்து அவர்கள் எதிரிலேயே படியுங்கள். "மண்டபம் எங்க புடிச்சிருக்கீங்க? மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? யாரு சமையல்?" என்று கேளுங்கள். கிளம்பும்போது "நல்லபடியா நடக்கட்டும், ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லுங்கள். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர்கள் விடாமல் "வந்துடுவீங்க இல்ல?" என்று கேட்டால்? "தேதியைப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல நானே போன் பண்றேன் அண்ணி" என்று சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் வரமாட்டார்கள் என்று பாதிப் பேரும், வருவார்கள் என்று மீதிப் பேரும் எடுத்துக்கொள்வார்கள். "நானே போன் பண்றேன்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் போனை எப்படியும் செய்துவிட வேண்டும்.

அன்று இரவே முடிவு செய்வது

தள்ளிப் போடப் போடத்தான் பொய் தேவைப்படுகிறது. இருபது நாள் முன்னால் "வர முடியல" என்று உண்மையைச் சொல்லலாம். முந்தின நாள் ராத்திரி அதே உண்மையைச் சொன்னால் எடுபடாது. "இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் காய்ச்சல் வருகிறது.

நாங்கள் பத்திரிகை வந்த அன்று இரவு சாப்பிட்டபின் உட்கார்ந்து பேசுவோம். முதலில் பார்ப்பது, அந்த விசேஷத்தில் நமக்கு முறை உண்டா என்பது. தாய்மாமன் சீர் வைக்க வேண்டியவர், மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார், மடியில் குழந்தையை வைத்துக் காது குத்த வேண்டிய மாமா, இவர்களுக்கெல்லாம் இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்கள் போகாமல் இருப்பது வேறு கதை. யார் அந்த இடத்தில் நிற்பது என்று விசேஷ வீட்டாரோடு நேரில் போய்ப் பேசி முடித்தபின்தான் மற்றதைப் பற்றி யோசிக்க முடியும்.

முறை எதுவும் இல்லை என்றால், வேறொரு வேளைக்குப் போக முடியுமா என்று பாருங்கள். முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்பதுதான் இப்போது இந்தப் பக்கம் வழக்கம். காலையில் முடியாவிட்டால் ரிசப்ஷனுக்குப் போய் வந்துவிடலாம். அது மறுப்பே ஆகாது, "நாங்க சாயந்திரம் வந்துடறோம்" என்று சொன்னால் போதும். இரண்டுக்கும் முடியாது என்று தெரிந்தால் மட்டுமே அடுத்த படி.

உங்கள் வாக்கியம் எது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

போகாததற்கு நம்மிடம் இருக்கும் உண்மையான காரணம் பெரும்பாலும் வெளியே சொல்லக் கூசும் காரணமாக இருக்கும். கையில் காசில்லை. உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கால் நீட்டிப் படுக்க வேண்டும். அங்கே வரும் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அல்லது சும்மா, போக மனசில்லை. இவற்றை மறைக்கத்தான் "ஆபீஸ்ல ஆடிட்டிங்", "பஸ் கிடைக்காது", "பிள்ளைக்குப் பரீட்சை" எல்லாம் கிளம்புகின்றன.

ஏற்பாடு சம்பந்தமான காரணம் ஒன்றைச் சொன்னால், அதைக் கேட்டவர் தீர்த்து வைக்க வேண்டிய பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். பிரியத்தினால்தான். "பஸ் இல்லை" என்றால் "வேன் விடறோம், சத்துவாச்சாரி வழியாத்தான் வரும்" என்பார்கள். "பிள்ளைக்குப் படிப்பு" என்றால் "இங்க மாடி ரூம் காலியா கீது, அங்க உட்கார்ந்து படிக்கட்டும்" என்பார்கள். உடனே நாம் இரண்டாவது காரணம் தேடுவோம். இரண்டாவது காரணம் வாயில் வரும்போதே முதல் காரணம் பொய் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: "இந்தத் தடையை அவர்கள் நீக்கிவிட்டால் நான் போவேனா?" போவேன் என்றால் அது உண்மையான காரணம், சொல்லலாம். அப்போதும் போகமாட்டேன் என்றால் அதை வாயிலேயே எடுக்கக் கூடாது.

அப்படியென்றால் எதைச் சொல்வது? விசேஷ வீட்டாரின் இடத்திலிருந்து பாருங்கள். நாம் வரவில்லை என்றதும் அவர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி "எங்க மேல எதாச்சும் வருத்தமா?" என்பதுதான். பத்திரிகை வைத்ததில் குறையா, கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டுப் பேசவில்லை என்று கோபமா, பெயர் போட்டதில் தப்பா என்று மண்டையைக் குடைந்துகொள்வார்கள். நாம் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். இதற்குத் தெளிவாகப் பதில் கிடைத்துவிட்டால் காரணம் அரைகுறையாக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் டாக்டர் சீட்டைக் காட்டினாலும் மனசு ஆறாது.

ஆக, ஒரு வாக்கியத்தில் உண்மையின் சொல்லத்தக்க பகுதி, ஒரு வாக்கியத்தில் "உங்கள் மேல் எதுவும் இல்லை." காசில்லாதபோது நான் சொல்வது: "இந்த மாசம் மூணு விசேஷம் ஆயிடுச்சு அண்ணா, இதுக்கு மேல எங்களால முடியல." கையிருப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்பவருக்குப் புரியும், அவர் வீட்டிலும் அதே ஆவணி மாசம்தான். களைப்பு என்றால், "ஆறு நாளும் ஓடறேன் அத்தை, இந்த ஞாயிறு வீட்ல இருந்தே ஆவணும்னு உடம்பு சொல்லுது." பேச்சில்லாத ஒருவர் வருகிறார் என்றால், நெருங்கின சொந்தமாக இருந்தால் மட்டும் அதைச் சொல்லலாம்: "அங்க ஒருத்தரைப் பார்த்தா எனக்கு மனசு கெட்டுப்போவும். உன் வீட்டு நல்ல நாள்ல அது வேணாம் அக்கா." அவ்வளவு நெருக்கம் இல்லாவிட்டால் காரணமே சொல்லாதீர்கள். "வர்றதுக்கு இல்லைங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல, அதை மட்டும் நம்புங்க" என்பது முழுமையான பதில். காரணத்தைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. இல்லாத காரணத்தைச் சொல்வதுதான் பொய்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வரமாட்டோம்" என்றால் சண்டைக்காரர் பேச்சு. "வர இயலவில்லை" என்றால் ஆபீஸ் கடிதம். "வர்றதுக்கு இல்ல", "எங்களால முடியல" என்ற இரண்டும் நம் வீடுகளில் காலம்காலமாகப் புழங்குவது, காதுக்கு இதமானது. முடியல என்ற சொல்லில் உடம்பு, காசு, மனசு மூன்றும் அடங்கும், எதையும் திரிக்க வேண்டியதில்லை.

உடம்பு சரியில்லை என்ற பொய்யை நான் விட்டது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் வாலாஜாவில் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. கண்டிப்பா வரேன் என்று சொல்லியிருந்தேன். அன்று காலையில் எழுந்திருக்கவே மனசில்லை. காய்ச்சல் என்று போன் செய்து சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம். அத்தை, அறுபது வயசுக்கு மேல், பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் பையில் ரெண்டு ஆரஞ்சு. கேரியரில் மேல் தட்டில் விசேஷத்து லட்டு, கீழே ரசம் சாதம், எனக்கென்று தனியாக மிளகு அரைத்து வைத்தது. உள்ளே வந்ததும் முதல் காரியமாகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "அப்பாடா, சூடு எறங்கிடுச்சு" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலூரில் ஆஸ்பத்திரி பெயரையோ நோய் பெயரையோ சொன்னால் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள், அது இந்த ஊர் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

போனில் சொல்வது

பத்திரிகை வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் போன் செய்துவிடுங்கள். மெசேஜ் வேண்டாம். வீட்டுக்கு வந்து அழைத்தவருக்கு ஒரு வரி மெசேஜில் மறுப்பு அனுப்புவது, வாங்கிய தட்டைத் திருப்பி நீட்டுவது மாதிரி. ராத்திரி ஏழரைக்கு மேல், சாப்பாட்டு வேளைக்கு முன் பேசினால் நிதானமாக இருப்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், அப்போது இல்லை என்ற சொல்லைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள்.

யாரிடம் சொல்வது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். பத்திரிகை கொண்டுவந்தவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். தம்பி மூலம், பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினால் வார்த்தை மாறிப் போய்ச் சேரும். கணவன் மனைவி இருவரும் வந்து அழைத்திருந்தால் இருவரிடமும் பேசுங்கள். அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்துவிட்டால் "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று அண்ணிக்கு வருத்தம் வரும், அந்த வருத்தம் நாம் போகாததைவிடப் பெரிதாக நிற்கும்.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். குடியாத்தத்தில் என் கணவருக்குப் பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன் முறை. சொந்தமாக வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை முதல் ஆறு மணிக்குள் முகூர்த்தம், அதனால் சனிக்கிழமை ராத்திரியே போய்த் தங்க வேண்டும். அந்த மாசம் ஏற்கெனவே மூன்று ஞாயிறும் மூன்று விசேஷத்துக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டு விசேஷத்தில் அண்ணன் 2001 ரூபாய் மொய் எழுதியிருந்தார், அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். கையில் அந்த நேரம் அது இல்லை. எனக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை. இரண்டும் உண்மை.

மூன்றாம் நாள் இரவு நான்தான் போன் செய்தேன். முதலில் அண்ணி எடுத்தார்.

"அண்ணி, வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா? வாசக்கால் வெச்ச அன்னிக்கு வந்து பார்த்தது, அதுக்குள்ள கட்டி முடிச்சிட்டீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு விஷயம் சொல்லத்தான் போன் பண்ணேன். கிரகப்பிரவேசத்துக்கு எங்களால வர முடியல. இந்த மாசம் மூணு விசேஷம் ஆயிடுச்சு, இதுக்கு மேல எங்களுக்கு ஓடல."

இங்கே நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் நிறுத்துவது முக்கியம். எதிரில் மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்பத்தான் நாம் வேண்டாததெல்லாம் பேசுவோம்.

"இன்னாம்மா இப்படி சொல்ற? நீங்க இல்லாம எப்படி? சனிக்கிழமை சாயந்திரம் இவரு காரை அனுப்புவாரு, நீ ஒண்ணும் யோசிக்காத."

"கார் பிரச்சினை இல்ல அண்ணி. எங்களாலதான் முடியல. உங்க மேலயோ அண்ணன் மேலயோ எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"எதாச்சும் மனசுல வெச்சினு சொல்றியா?"

"இல்லவே இல்ல. அப்படி இருந்தா உங்ககிட்ட நேராச் சொல்லிடுவேன். புரட்டாசி ரெண்டாவது ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் வந்து வீட்டைப் பார்க்கறோம். மொய்யும் அன்னிக்கே செய்யறோம்."

கவனித்தால் தெரியும், நான் புதிதாக எந்தக் காரணமும் சேர்க்கவில்லை. "எங்களால முடியல" என்ற ஒன்றையே வேறு வேறு இடத்தில் சொன்னேன். எத்தனை முறை வற்புறுத்தினாலும் அதே வாக்கியம்தான். குரல் உயரக் கூடாது, அதே சமயம் "சரி, பார்க்கறோம்" என்று இளகிவிடவும் கூடாது. இளகிவிட்டால் அவர்கள் நம்மை எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள்.

பிறகு அண்ணன் போனை வாங்கினார். அவரிடமும் முழுதாக ஒரு தடவை சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. "சரிம்மா" என்றார். அந்த "சரிம்மா"வில் வருத்தம் இருந்தது. இருக்கத்தான் செய்யும். உண்மையைச் சொல்லி மறுத்தால் யாருக்கும் வருத்தம் வராது என்று நினைத்துக்கொண்டு போன் செய்யாதீர்கள். அந்த வருத்தத்தை அப்போதே நீக்கிவிடத் துடிப்பதிலிருந்துதான் பொய்யும் "சரி, தலையை மட்டும் காட்டிட்டுப் போறோம்" என்ற வாக்கும் வருகின்றன. அது ஆற ஒரு வாரம் எடுக்கும், எடுக்கட்டும்.

இலைக் கணக்கும் மொய்யும்

முன்கூட்டியே சொல்வதால் அவர்களுக்குக் கிடைக்கும் நன்மை ஒன்று உண்டு. எண்ணூறு இலை போடும் மண்டபக் கல்யாணத்தில் நம் நாலு இலை தெரியாது. வீட்டோடு நடக்கும் கிரகப்பிரவேசம், வளைகாப்பு, நிச்சயதார்த்தம் அப்படி இல்லை. அறுபது எழுபது பேருக்குச் சமையல், நெருங்கின சொந்தத்துக்கு எண்ணி வாங்கிய புடவை வேட்டி, தங்குவதற்குப் பாய் தலையணை என்று எல்லாம் எண்ணிக்கையில் நடக்கும். விசேஷம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சமையல்காரருக்கு இலைக் கணக்குச் சொல்வதற்கு முன் நம் பதில் போய்ச் சேர வேண்டும்.

மொய்யை மூன்று விதமாகச் சேர்க்கலாம். போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால் கவர் மேல் பெயரும் ஊரும் தெளிவாக எழுதுங்கள். மொய் எழுதும் மேஜையில் ஒருவர் பணத்தை வாங்குவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். அந்தக் கூட்டத்தில் கொண்டுபோனவர் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார், நம் பெயர் நோட்டில் ஏறாது. ஏறவில்லை என்றால் வருஷம் கழித்துப் புரட்டிப் பார்ப்பவருக்கு நாம் ஆளும் வரவில்லை, மொய்யும் வரவில்லை. ஜிபேயில் அனுப்பினாலும் இதே சிக்கல்தான். "குடியாத்தம் அண்ணன் கிரகப்பிரவேச மொய், சத்துவாச்சாரி" என்று பெயரோடு ஒரு மெசேஜும் அனுப்பி, நோட்டில் ஏற்றிவிட்டீர்களா என்று இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. மூன்றாவது வழி, நேரில் பிறகு போய்ச் செய்வது. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. "ஒரு நாள் வரோம்" என்று சொல்லக் கூடாது. எந்த மாசம், எந்தக் கிழமை என்று சொல்லி, அந்த நாளில் போய்விட வேண்டும். போகாவிட்டால் இதுவும் இன்னொரு "கண்டிப்பா வரோம்" ஆகிவிடும்.

விசேஷத்தன்று முகூர்த்த நேரத்தில் போன் செய்யாதீர்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். முதல் நாள் காலையில் ஒரு நிமிஷம் பேசி வாழ்த்துங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று நீங்கள் வீட்டில் பதுங்க வேண்டியதில்லை. கோட்டைப் பக்கம் நடந்தாலும், பிள்ளையோடு எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாலும் யார் பார்த்தாலும் கவலை இல்லை.

ஏற்கெனவே "கண்டிப்பா" சொல்லிவிட்டால்

வாய் தவறிச் சொல்லிவிட்டோம், பத்து நாள் ஆகிவிட்டது, போகப்போவதில்லை என்று தெரிகிறது. அப்போதும் காய்ச்சலைத் தேட வேண்டாம். "அன்னிக்கு உங்க எதிர்ல இல்லன்னு சொல்ல வாய் வரல, கண்டிப்பா வரேன்னுட்டேன். அது என் தப்பு. எங்களால வர முடியல" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவரும் அப்படி எத்தனையோ வாசலில் சொல்லியிருப்பார், உடனே புரிந்துகொள்வார். ஆனால் இந்தப் போனை ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் கனம் கூடும், அதனால் இன்று இரவே செய்யுங்கள்.

குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும், ஆடிக் கூழுக்கும் வருஷா வருஷம் வாய் வார்த்தையாகக் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் இவ்வளவு முறை தேவையில்லை. "இந்த வருஷம் வர்றதுக்கு இல்ல, அம்மனுக்கு எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்குங்க" என்றால் போதும். சாவுக்கும் காரியத்துக்கும் இதில் எதுவும் பொருந்தாது. அதற்கு யாரும் தாம்பூலத் தட்டு வைத்து அழைப்பதில்லை, தகவல் வந்தால் போகிறோம். போக முடியாதவர்கள் பதினாறு நாளுக்குள் ஒரு தடவை போய்த் துக்கம் கேட்டுவிட வேண்டும்.

புரட்டாசி இரண்டாவது ஞாயிறு நாங்கள் குடியாத்தம் போனோம். அண்ணன் தெரு முனையிலேயே நின்றிருந்தார். வீட்டில் கூட்டம் இல்லை. அண்ணி ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், பூஜை அலமாரிக்குத் தச்சரோடு சண்டை போட்டதையும், அடுப்பங்கரை மேடையை இரண்டு அங்குலம் தாழ்த்தி வைக்கச் சொன்னதையும், அவர் உயரத்துக்கு அது எவ்வளவு வசதி என்பதையும் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் கவரை நீட்டினார். அண்ணன் எழுந்து பரண் மேலிருந்து மொய் நோட்டை எடுத்து வந்தார். கிரகப்பிரவேசத்தன்று எழுதிய கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டு மொத்தம் கூட்டியிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே, தன் சட்டைப் பை பேனாவால், எங்கள் பெயரை எழுதி, ஊர் சத்துவாச்சாரி என்று போட்டு, 2501 என்று எழுதினார். பிறகு பழைய மொத்தத்தை அடித்துவிட்டு முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.